சொந்தமாக முதல் கார்: ஹயர் ஓடுபவனுக்கு வாகன் ஆரா, அக்குவாவா, அக்ஸியோவா?

கொக்குவில் சாரதி

எல்லோருக்கும் வணக்கம். பத்து வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். இதுவரை ஓட்டியவற்றில் ஒன்றுகூட என்னுடையதல்ல. இப்போது கையில் இருப்பது பழைய பெற்றோல் கார். உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், அவருடைய தம்பியிடம் காரை எடுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 3,500 ரூபா கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பதில்லை. ரயர், சேர்விஸ், காப்புறுதி எல்லாம் அவர்கள் செலவு, பெற்றோல் மட்டும் என் செலவு. ஏசி போட்டு ஓடினால் லீற்றருக்கு 12 கிலோமீற்றர்தான் கிடைக்கிறது.

சொந்தக் கார் வேண்டும் என்ற எண்ணம் 2022இல் வலுத்தது. கியூஆர் முறையில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்று வந்தபோது, அந்தக் கியூஆர் உரிமையாளரின் பெயரில் இருந்தது. அவர்கள் தங்கள் தேவைக்கு அடித்துவிட்டால் அந்த வாரம் எனக்கு வேலை இல்லை. கார் என் வாசலில் நிற்கும், நான் ஓட முடியாது.

சீட்டுப் பணமும் மனைவி தையலில் சேர்த்ததும் சேர்த்து 35 இலட்சம் இருக்கிறது. மேலே 40 இலட்சம் லீசிங் எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஐந்து வருடத்துக்கு மாதம் 95,000 ரூபா அளவில் வரும் என்றார்கள். அதாவது 75 இலட்சத்துக்குள் ஒரு கார்.

என் ஓட்டம் இப்படி: காலையில் சாவகச்சேரி, பருத்தித்துறைப் பக்கமிருந்து போதனா வைத்தியசாலைக்கு நோயாளர்கள். பிறகு பலாலி விமான நிலையம், நயினாதீவுக்குப் போகிறவர்களைக் குறிகட்டுவானில் இறக்குவது, மாதத்தில் சில தடவை கட்டுநாயக்க. மாதம் 4,000 கிலோமீற்றர் ஓடுகிறேன். வாகன் ஆர், அக்குவா, அக்ஸியோ ஹைபிரிட் மூன்றையும் பார்க்கிறேன். தேர்வு என்னுடையதாக இருக்க வேண்டும் என்பதால் தரகரை விட்டுவிட்டு இங்கே கேட்கிறேன்.

வட்டுக்கோட்டை மாஸ்டர்

தம்பி, ஹைபிரிட் பக்கமே போகாதீர்கள். பற்றரி போனால் கார் போனது மாதிரி. என் மருமகன் ஒரு பிரியஸ் வாங்கி, இரண்டாம் வருடத்தில் பற்றரிக்குப் பணம் கட்ட முடியாமல் விற்றான். பழைய கொறோலா ஒன்றை வாங்குங்கள், எந்த மெக்கானிக்கும் திருத்துவான். இன்னொன்று, இப்போது அவசரப்படாதீர்கள். 2020 மார்ச்சில் நிறுத்திய இறக்குமதி 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டது. புதுக் கார்கள் வர வரப் பழையவை மலியும்.

ரொறன்ரோ செல்வம்

நானும் ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறேன். சாரதியோடு கார் வாடகைக்கு வேண்டும். கட்டுநாயக்கவில் இறங்கி நேரே யாழ்ப்பாணம். நான்கு பேர், பெரிய பெட்டிகள் ஆறு. என்ன விலை வரும்?

கொக்குவில் சாரதி

செல்வம் அண்ணா, நான் காரை வாங்கத்தான் கேட்கிறேன், வாடகைக்கு விடுவதற்கல்ல. ஆனாலும் நல்ல இடத்தில் கைவைத்தீர்கள். நான்கு பேர், ஆறு பெட்டி என்றால் இந்த மூன்று காரிலும் ஏறாது, வான்தான் வேண்டும். அப்படி அழைப்பு வரும்போது இப்போதும் நண்பரின் வானைத்தான் அனுப்புகிறேன்.

சுன்னாகம் கராஜ்

தம்பி, உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. எந்தக் கார் நல்லது என்று கேட்பதைவிட, உங்கள் 4,000 கிலோமீற்றர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள்.

முதலில் மாஸ்டர் சொன்னதற்கு வருகிறேன். பற்றரி பலவீனமானால் செலவு வரும், அது உண்மை. ஆனால் அது திடீரென்று வருவதில்லை, முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். இறக்குமதி திறந்தால் விலை சரியும் என்பதும் இந்த வகைக் கார்களுக்கு அவ்வளவு பொருந்தாது. திறந்தபோது பயன்படுத்திய கார் மூன்று வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது என்ற விதியோடுதான் திறந்தார்கள். 2013, 2014 அக்குவா இனிமேல் யப்பானிலிருந்து வராது. நாட்டுக்குள் இருப்பவைதான் கைமாறுகின்றன. புதிதாக வருபவை வரியோடு எந்த விலையில் நிற்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

இனி வாகனங்கள். வாகன் ஆர் 660 சிசி. யாழ்ப்பாண நகரத்துக்குள் அதைவிடச் சுகமான வண்டி இல்லை, விற்கும்போதும் உடனே போகும். ஆனால் நான்கு பேரை ஏற்றி, ஏசி போட்டு, கண்டி வீதியில் லொறியைக் கடக்கும்போது அதன் இயந்திரம் படும் பாட்டைப் பக்கத்தில் இருந்தால் உணர்வீர்கள். அதன் ஹைபிரிட் ஒரு சின்ன உதவிதான், காரை மின்சாரத்தில் ஓட்டிச் செல்லாது.

அக்குவாவுக்கும் அக்ஸியோ ஹைபிரிட்டுக்கும் 1500 சிசி இயந்திரமும் ஹைபிரிட் அமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பின் இருக்கைக்கு அடியில் பற்றரிப் பெட்டி, அதற்குள் 20 தொகுதிகள், மொத்தம் 144 வோல்ற். வைத்தியசாலை வாசலிலும் கஸ்தூரியார் வீதி நெரிசலிலும் நின்று நின்று போகும்போது இவற்றின் சேமிப்பு முழுதாகக் கிடைக்கும். கட்டுநாயக்கவுக்கு ஒரே வேகத்தில் ஓடும்போது அந்த லாபம் குறையும். இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் டிக்கி. அக்ஸியோவில் பெட்டிகளைப் படுக்கவைக்கலாம். அக்குவாவில் பெரிய பெட்டி இரண்டுக்கு மேல் என்றால் பின் இருக்கையின் ஒரு பக்கத்தை மடக்க வேண்டும். ஆனால் அக்ஸியோ உங்கள் 75 இலட்சத்துக்குள் நல்ல நிலையில் கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

நெல்லியடித் தம்பி

நான் வாகன் ஆர்தான் ஓட்டுகிறேன். அண்ணா சொன்ன குறை உண்மை, ஆனால் எனக்குக் கட்டுநாயக்க ஹயர் மிகக் குறைவு. செயலியில் வரும் சின்ன ஓட்டங்கள்தான் அதிகம். வயதானவர்கள் ஏறி இறங்க அதன் கதவு வசதி. குனியாமல் உட்காரலாம், முழங்கால் வலிக்காரர்கள் அதற்காகவே என்னைக் கூப்பிடுகிறார்கள். நோயாளர்கள் உங்கள் முக்கிய வாடிக்கை என்றால் அதையும் யோசியுங்கள். அக்குவாவின் பின்கதவு தாழ்வு.

கொக்குவில் சாரதி

தம்பி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி.

இரவு மனைவியோடு இருந்து கணக்குப் பார்த்தோம். பெற்றோலை லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டோம். இப்போது வாடகை 26 நாளுக்கு 91,000. பெற்றோல் 333 லீற்றர், கிட்டத்தட்ட ஒரு இலட்சம். மொத்தம் 191,000. அக்குவாவில் லீற்றருக்கு 20 கிலோமீற்றர் என்றால் 200 லீற்றர், 60,000. தவணை 95,000. மொத்தம் 155,000. மாதம் 36,000 மிச்சம் வருகிறது. இவ்வளவு காலம் ஏன் காத்திருந்தேன் என்று மனைவி கேட்கிறாள்.

சுன்னாகம் கராஜ்

தம்பி, மனைவியிடம் இன்னும் சந்தோஷத்தைச் சொல்லாதீர்கள். இதுவரை உரிமையாளர் கட்டியதையெல்லாம் இனி நீங்கள் கட்ட வேண்டும், அது கணக்கில் இல்லை.

4,000 கிலோமீற்றர் ஓடினால் நான்கு ரயரும் பத்து மாதத்தில் முடியும். ஒரு தொகுதிக்கு ஒரு இலட்சம் என்று வைத்தாலும் மாதம் 10,000. ஒயில், வடிகட்டி, பிரேக் எல்லாம் சேர்த்து 12,000. வாடகை ஓட்டத்துக்கான காப்புறுதி வருடம் 180,000 என்றால் மாதம் 15,000. பற்றரிக்கு என்று 10,000 தனியாக எடுத்து வையுங்கள், தொடாதீர்கள். இவையெல்லாம் சேர்ந்தால் 47,000. பெற்றோலிலும் 20 என்பதை 18 என்று எடுங்கள், கட்டுநாயக்க ஓட்டம் இருப்பதால். அப்போது 222 லீற்றர், 66,600 ரூபா.

ஆக 95,000, 66,600, 47,000 சேர்ந்து 208,600. இப்போதைய செலவைவிட மாதம் 17,600 கூட. இதைத் தெரிந்துகொண்டு வாங்கினால் பயமில்லை. ஐந்து வருடம் கழித்துக் கார் உங்களுடையது. மிச்சம் வரும் என்று நினைத்து வாங்கியவர்கள்தான் மூன்றாவது மாதத்தில் ரயரை ஒத்திப்போடுவார்கள்.

மானிப்பாய் சுமதி

நானும் ஒரு வாடகைக் கார்ச் சாரதியின் மனைவிதான். அண்ணா காப்புறுதி பற்றி ஒரு வரியில் சொன்னார், நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். என் கணவர் கார் வாங்கியபோது சொந்தப் பாவனை என்று காப்புறுதி எடுத்தால் குறைவு என்று யாரோ சொல்ல, அப்படியே எடுத்தார். கிளிநொச்சிக்கு இப்பால் பயணியோடு போகும்போது மாடு குறுக்கே வந்து விபத்து. விசாரிக்க வந்தவர் பின்னால் இருந்த பயணியிடம் எவ்வளவு காசுக்குப் பேசினீர்கள் என்று கேட்டார். அவர் உள்ளதைச் சொன்னார். எங்களுக்கு ஒரு சதம் கிடைக்கவில்லை. கார் கராஜில் கிடந்தபோதும் தவணை வந்துகொண்டே இருந்தது.

தம்பி, வாடகைப் பாவனை என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறதா என்று நீங்களே வாசித்துப் பாருங்கள். இன்னொன்று: இப்போது கார் எடுக்காத நாளில் உங்களுக்கு வாடகை இல்லை. தவணை அப்படியில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் ஓட்டம் படுத்துவிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் வருவதில் இரண்டு மாதத் தவணையை எடுத்து வைத்தால்தான் நாங்கள் மூச்சுவிடுகிறோம்.

கொக்குவில் சாரதி

அக்கா, வாசிக்கவே மனம் கனக்கிறது. கட்டாயம் பார்க்கிறேன்.

கணக்கை மாற்றி எழுதினோம். 17,600 கூட என்று தெரிந்தும் வாங்குவது என்று முடிவு. சாவகச்சேரியில் 2013 அக்குவா ஒன்று, 74 இலட்சம் கேட்கிறார்கள். வெள்ளை நிறம், கண்ணாடி மாதிரி இருக்கிறது. மீற்றரில் 88,000 கிலோமீற்றர். யப்பானில் ஏலம் விட்டபோது எழுதிய தாளின் பிரதியும் தந்தார்கள். அதில் 71,000 என்று இருக்கிறது. ஓடிப் பார்த்தேன், சத்தமே இல்லை. முற்பணம் கொடுக்கட்டுமா?

சுன்னாகம் கராஜ்

கொடுக்காதீர்கள். அந்தக் கார் இலங்கைக்கு எப்போது வந்தது என்று பதிவுப் புத்தகத்தில் பாருங்கள். இங்கே பத்து வருடத்துக்கு மேல் ஓடியிருக்கிறது என்றால், அவ்வளவு காலத்திலும் 17,000 கிலோமீற்றர்தான் ஓடியதா? வீட்டில் மூடி வைத்திருந்த காராகவும் இருக்கலாம், இல்லையென்று சொல்லமாட்டேன். அப்படியானால் உள்ளே அடையாளம் இருக்கும். பிரேக் மிதியின் றப்பர், சாரதி இருக்கையின் வலது ஓரம், ஸ்டியறிங்கில் கை பிடிக்கும் இடம், இந்த மூன்றும் எப்படி இருக்கின்றன?

கொக்குவில் சாரதி

புத்தகத்தில் முதல் பதிவு 2014. இன்று மறுபடி போய்ப் பார்த்தேன். ஸ்டியறிங்குக்கு உறை போட்டிருந்தார்கள். கழற்றச் சொன்னேன், தயங்கினார்கள். கழற்றியபோது இரண்டு பக்கமும் தோல் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. பிரேக் மிதியின் கோடுகள் நடுவில் அழிந்துவிட்டன. இருக்கை உறை மட்டும் புதிது. விற்பவர் நான்காவது கை. முதல் உரிமையாளர் கையெழுத்திட்ட மாற்றப் பத்திரத்தையே கையில் வைத்திருக்கிறார், இடையில் யாரும் பெயர் மாற்றவில்லை. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வட்டுக்கோட்டை மாஸ்டர்

பார்த்தீர்களா, அதற்குத்தான் சொன்னேன். கொறோலாவில் இந்தத் தலைவலி இல்லை.

சுன்னாகம் கராஜ்

மாஸ்டர், மீற்றரைத் திருப்புகிறவன் கொறோலாவிலும் திருப்புவான்.

கொக்குவில் சாரதி

அடுத்தது ஊர்காவற்றுறையில் ஒன்று, அதுவும் அக்குவா. மீற்றர் 164,000, விற்பவர் அதை மறைக்கவில்லை. உள்ளே மிகச் சுத்தம். விலை 68 இலட்சம். முதலாவதைவிட நம்பிக்கையாக இருக்கிறது.

சுன்னாகம் கராஜ்

அந்த மனிதர் நேர்மையானவராக இருப்பார். ஆனால் தீவுப் பகுதியில் நின்ற காரை மேலே பார்த்து வாங்கக் கூடாது. பண்ணைப் பாலத்தில் தினமும் வந்து போகும் வண்டிக்குக் காற்றிலேயே உப்பு. ஏதாவது சேர்விஸ் நிலையத்தில் மேலே தூக்கி, சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய்களையும் பின்பக்க அச்சையும் பாருங்கள். மேலோடு பழுப்பு நிறம் மட்டும் என்றால் துடைத்துப் பூச்சு அடிக்கலாம். ஸ்குறூ டிறைவரால் தட்டும்போது தகடு தகடாக உதிர்ந்தால் விட்டுவிடுங்கள்.

கொக்குவில் சாரதி

உதிர்ந்தது. குழாய் பிடிக்கும் கிளிப் ஒன்று தட்டும்போதே கையோடு வந்துவிட்டது. விற்பவரே பார்த்துக் கவலைப்பட்டார், உடனே திருத்தப்போவதாகச் சொன்னார்.

இன்னொன்று இருக்கிறது. கோண்டாவிலில் ஓய்வுபெற்ற அரசாங்க உத்தியோகத்தர் ஒருவருடையது. 2014 அக்குவா, 131,000 கிலோமீற்றர், 76 இலட்சம் சொல்கிறார். ஒயில் மாற்றியபோதெல்லாம் ஒட்டிய சீட்டுகளைக் கொப்பியில் ஒட்டிவைத்திருக்கிறார், திகதியும் மீற்றரும் ஒழுங்காக ஏறிக்கொண்டு போகின்றன. கீழே பார்த்தேன், துரு இல்லை. பற்றரியைத்தான் எப்படிப் பார்ப்பது என்று தெரியவில்லை.

சுன்னாகம் கராஜ்

இதைத்தான் எதிர்பார்த்தேன். மலைநாடு என்றால் ஏற்றத்தில் பார்க்கலாம். நமது ஊரில் மேடு பள்ளம் இல்லை, அதனால் வேறு வழி. பத்து நிமிடம் ஓடிய பிறகு நிழலில் நிறுத்தி, ஏசியை முழுதாக வைத்து, விளக்கையும் போட்டுவிட்டுத் திரையில் பற்றரிக் கட்டங்களைப் பாருங்கள். இயந்திரம் அணைந்திருக்கும்போது கட்டங்கள் நிதானமாகக் குறைந்து, இயந்திரம் தானாகத் தொடங்கி, மறுபடி நிதானமாக ஏற வேண்டும். மளமளவென்று விழுந்து மளமளவென்று ஏறினால், உள்ளே கொள்ளளவு போய்விட்டது என்று அர்த்தம். இது முதல் பார்வைதான். பிறகு ஸ்கேனர் போட்டு, இயந்திரம் சார்ஜ் செய்யும்போதும் பற்றரி இழுக்கும்போதும் தொகுதிகளின் வோல்ற் அளவுகளைப் பக்கம் பக்கமாகப் பார்க்க வேண்டும். எல்லாம் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் நல்லது. ஒன்று மட்டும் பின்தங்கினால் அதுதான் நோய்.

காரைக் கொண்டுவாருங்கள். அவர் சம்மதித்தால் அவரும் வரட்டும்.

கொக்குவில் சாரதி

இன்று உத்தியோகத்தர் ஐயாவும் நானும் காரோடு சுன்னாகம் போனோம். மற்றவர்களுக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன்.

ஸ்கேனரில் தொகுதிகள் எல்லாம் ஒன்றாகவே ஓடின, ஒன்று மட்டும் இழுக்கும்போது கொஞ்சம் கீழே போய் மீண்டது. அண்ணா பின் இருக்கையின் ஓரத்தில், தரைக்குப் பக்கத்தில் இருக்கும் காற்றுத் துவாரத்தைக் காட்டினார். பற்றரியைக் குளிராக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறதாம். இவ்வளவு காலம் ஹைபிரிட் கார்களில் பயணிகளின் பைகள் அந்த இடத்தில் சாய்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அது எதற்கு என்று கேட்டதில்லை. உள்ளே இருந்த விசிறியைக் கழற்றியபோது இதழ்களுக்கு இடையில் செம்மண் தூசியும் துணி நூலும் முடியும் சேர்ந்து கம்பளி மாதிரி அடைத்திருந்தது. தூரிகையால் சுத்தம் செய்து பூட்டினார். உத்தியோகத்தர் ஐயா, இத்தனை வருடமும் சேர்விஸ் செய்தேன், ஒருவரும் இதைத் திறக்கவில்லை என்று வருந்தினார். அந்த இடத்திலேயே விலையை 74 இலட்சத்துக்குக் குறைத்தார்.

நெல்லியடித் தம்பி

கொஞ்சம் கீழே போன அந்தத் தொகுதி? அதை மட்டும் மாற்றிவிடலாமே.

சுன்னாகம் கராஜ்

மாற்றலாம், நான் மாற்றமாட்டேன். பழைய பத்தொன்பதுக்கு நடுவில் பலமான ஒன்றைப் போட்டால் அவை சமமாக வேலை செய்யாது. கொஞ்ச நாளில் அடுத்தது விழும், பிறகு அதற்கு அடுத்தது. விசிறி சுத்தமான பிறகு ஆறு மாதம் ஓடட்டும், மறுபடி அளப்போம். எத்தனை வருடம் போகும் என்று என்னைக் கேட்காதீர்கள், சொல்ல முடியாது. அதற்குத்தான் மாதம் 10,000.

யாழ் மின்னியலாளர்

நான் இதில் உடன்படவில்லை. தொகுதிகளை அளந்து ஒரே அளவு உள்ளவற்றைத் தேர்ந்து போட்டால் நன்றாக ஓடுகிறது. செய்திருக்கிறேன்.

சுன்னாகம் கராஜ்

அளந்து தேர்பவர் நீங்கள் என்றால் சரி. எல்லோரும் அளப்பதில்லை.

வட்டுக்கோட்டை மாஸ்டர்

கொப்பியில் சீட்டு ஒட்டி வைத்த மனிதரின் கார் என்றால் நானும் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அக்ஸியோவுக்கு இன்னும் ஒரு வருடம் பொறுத்திருக்கலாம் என்பது என் எண்ணம். டிக்கி இல்லாத கார் ஹயருக்குக் குறைதான்.

கொக்குவில் சாரதி

மாஸ்டர், அதைத்தான் இரண்டு இரவு யோசித்தேன். பழைய ஹயர்க் கொப்பியைப் புரட்டினேன். கட்டுநாயக்கவுக்குப் போனவர்களில் தனி ஆளும் தம்பதியும்தான் அதிகம். குடும்பமாக வருபவர்கள் எப்படியும் வான் கேட்கிறார்கள். எனக்கு ஒவ்வொரு நாளும் சோறு போடுவது வைத்தியசாலை வாசல். முழங்கால் வலி பற்றித் தம்பி சொன்னது மனதில் இருந்ததால், கோண்டாவில் காரில் அம்மாவை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். முன் இருக்கையில் சிரமமில்லை, பின்னால் கொஞ்சம் கை கொடுக்க வேண்டியிருந்தது. இனி வயதானவர்களை முன்னால் உட்காரச் சொல்வேன்.

அக்குவாவையே எடுத்துவிட்டேன். பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தாயிற்று. லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமை லீசிங் நிறுவனத்தின் பெயரில்தான் இருக்கும், ஆனாலும் பதிவு உரிமையாளர் என்ற இடத்தில் முதல் தடவையாக என் பெயர். சுமதி அக்கா, காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைப் பாவனை என்று இருப்பதை நானே வாசித்துப் பார்த்தேன். பழைய காரின் சாவியை நேற்று மாலை கொடுத்துவிட்டேன்.

மானிப்பாய் சுமதி

மனம் நிறைந்த வாழ்த்துகள் தம்பி. அந்தத் துவாரத்துக்குப் பக்கத்தில் பை வைக்காமல் இருக்கப் பயணிகளிடம் எப்படிச் சொல்லப்போகிறீர்கள்? எங்கள் காரும் அதே வகைதான், சொன்னால் சிலர் கோபிக்கிறார்கள்.

கொக்குவில் சாரதி

பைகளை நானே வாங்கி டிக்கியில் வைத்துவிடுகிறேன் அக்கா. துவாரத்துக்கு முன்னால் பொருத்தக் கம்பிவலை ஒன்று செய்யலாமா, காற்றைத் தடுக்குமா என்று சுன்னாகம் அண்ணாவிடம் கேட்க இருக்கிறேன்.

சுன்னாகம் கராஜ்

நெருக்கமான வலை வேண்டாம், அதுவே தூசியைப் பிடித்து அடைக்கும். விரல் போகுமளவு கண் உள்ள வலை என்றால் பையை மட்டும் தள்ளி வைக்கும். சனிக்கிழமை வாருங்கள், அளவெடுத்துப் பார்ப்போம்.